டி-சர்ட் முன்னே, பிராண்ட் பின்னே

வாங்கும் எண்ணத்தோடு கூகுளில் எதையாவது தேடினால், பக்கத்தின் மேற்பகுதியில் படங்களோடு வரிசையாகச் சில பெட்டிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் பொருளின் படம், அதன் கீழே ஒரு பெயர், விலை, விற்கும் கடையின் பெயர். இவைதான் ஷாப்பிங் விளம்பரங்கள். பெரிய நிறுவனங்கள் மட்டும் இடம்பிடிக்கும் இடமில்லை இது. சொந்த இணையதளத்தில் டி-சர்ட் விற்கும் திருப்பூர்க்காரரும், கிரைண்டர் விற்கும் கோவைக் கடைக்காரரும் தங்கள் சரக்கை இங்கே காட்டலாம். யாராவது பெட்டியைத் தொட்டுக் கடைக்குள் வந்தால் அந்த ஒரு கிளிக்குக்கு மட்டும் காசு.

இப்படி விளம்பரம் செய்யத் தொடங்கிய சிறு கடைக்காரர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிற விலைதான். ஆனாலும் விளம்பரம் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும் வாங்காதவர்களே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். காரணம் பல இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியதும், காசு செலவில்லாமல் திருத்தக்கூடியதும் ஒன்றுதான்: பட்டியலில் அந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் தலைப்பு.

தலைப்புக்கு ஏன் இவ்வளவு பாரம் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விளம்பரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூகுளின் சாதாரண எழுத்து விளம்பரத்தில், எந்தெந்தச் சொற்களைத் தேடினால் தன் விளம்பரம் வர வேண்டும் என்று கடைக்காரரே எழுதிக் கொடுக்கலாம். ஷாப்பிங் விளம்பரத்தில் அந்த வசதி இல்லை. எந்தச் சொல்லுக்கு வரக் கூடாது என்று மட்டும் சொல்லலாம். எதற்கு வர வேண்டும் என்பதைக் கூகுள், கடைக்காரர் அனுப்பும் பொருள் பட்டியலைப் படித்துத் தானே முடிவு செய்கிறது. புராடக்ட் ஃபீட் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இந்தப் பட்டியலைத்தான். மெர்ச்சன்ட் சென்டர் என்ற கணக்கில் அதை ஏற்ற வேண்டும். பொருளுக்கு ஒரு வரி. வரியில் அடையாள எண், தலைப்பு, விவரணை, விலை, படம், பிராண்ட், நிறம், அளவு என்று பல கட்டங்கள். இவற்றில் வாங்குபவர் தேடும் சொற்களோடு முதன்மையாகப் பொருத்திப் பார்க்கப்படுவது `title` என்ற கட்டம். அதில் இல்லாத சொல்லுக்காகப் பொருள் தேடலில் வருவது கடினம்.

இனி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஆண்களுக்கான பருத்தி டி-சர்ட் தைத்து, நேரடியாக வாடிக்கையாளருக்கு இணையத்தில் விற்கும் சிறிய நிறுவனம். பிராண்டின் பெயர் நொய்யல் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். இந்தக் கடையின் பட்டியல் பில் போடும் மென்பொருளிலிருந்து அப்படியே இறக்கப்பட்டது. கிடங்கில் இருப்பவர்களுக்காக வைத்த பெயரே தலைப்பாகிவிட்டது:

```
TS-104 RN HS BLK L
```

கிடங்கில் வேலை செய்பவருக்கு இதைவிடத் தெளிவான பெயர் இருக்க முடியாது. டி-சர்ட், 104-ஆம் மாடல், ரவுண்ட் நெக், ஹாஃப் ஸ்லீவ், கறுப்பு, லார்ஜ். எல்லா விவரமும் உள்ளே இருக்கிறது. ஆனால் தேடுகிற ஒருவரும் இப்படித் தட்டச்சு செய்ய மாட்டார். `BLK` என்பதைக் கறுப்பு என்றும் `HS` என்பதை அரைக்கை என்றும் கூகுள் ஊகிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. படத்தைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கோ இந்த வரி ஒன்றும் சொல்வதில்லை.

இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேர் எதிர்த் திசையில் போய்விடுகிறார்கள்:

```
BEST OFFER!!! Premium Stylish Trendy T-Shirt FREE SHIPPING
```

இதில் தேடுபவர் தட்டக்கூடிய சொல் என்று பார்த்தால் `T-Shirt` ஒன்றுதான். மீதியெல்லாம் கடைக்காரர் தன் சரக்கைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பாராட்டு. போதாததற்கு, தள்ளுபடி, இலவச டெலிவரி போன்ற விளம்பர வாசகங்களையும், அழுத்தத்துக்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுவதையும், கவனத்தை இழுக்கும் குறிகளையும் தலைப்பில் கூகுள் அனுமதிப்பதில்லை. இப்படிப்பட்ட தலைப்பால் பொருள் நிராகரிக்கப்படலாம். தள்ளுபடி விலைக்கு `sale_price` என்றும், டெலிவரிக் கட்டணத்துக்கு `shipping` என்றும் பட்டியலிலேயே தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே சொன்னால் போதும்.

சரி, எப்படித்தான் எழுதுவது?

தலைப்பை இரண்டு பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் வழி பிறக்கும். ஒருவர் கூகுளின் இயந்திரம். அது தலைப்பு முழுவதையும் படிக்கும். 150 எழுத்துவரை இடம் உண்டு. இன்னொருவர் கையில் போனை வைத்திருக்கும் மனிதர். அவருக்கு முழுத் தலைப்பும் தெரியாது. பெரும்பாலும் 70 எழுத்தோ அதற்கும் குறைவாகவோதான் திரையில் வரும். குறுகிய பெட்டியாக இருந்தால் 30 எழுத்திலேயே வெட்டுப்படலாம். ஆகவே என்னென்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பது இயந்திரத்தை மனதில் வைத்து எடுக்கும் முடிவு. எந்தச் சொல் முன்னால் வர வேண்டும் என்பது முக்கியமாக அந்த மனிதரை மனதில் வைத்து எடுக்கும் முடிவு. கூகுளும் தன் வழிகாட்டுதலில் முக்கியமான விவரத்தை முதலில் வைக்கும்படி சொல்கிறது.

நொய்யல் டி-சர்ட்டுக்கு இந்த வழியில் ஒரு தலைப்பு:

```
Men's Cotton T-Shirt, Round Neck Half Sleeve, Black, L, Noyyal
```

மொத்தம் 62 எழுத்து. முப்பதாவது எழுத்தில் வெட்டினாலும், ஆண்களுக்கானது, பருத்தி, டி-சர்ட் என்ற மூன்றும் தப்பிவிடும். கழுத்து என்ன மாதிரி, நிறம் என்ன என்பதைப் படமே காட்டிவிடும். பருத்தியா பாலியஸ்டரா என்பதைப் படத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தலைப்பின் முன்பகுதி சொல்ல வேண்டியது இதைத்தான்: படம் காட்ட முடியாத, ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற விவரம். தொழில் தெரிந்தவர்கள் இதோடு துணியின் கனத்தையும் சேர்ப்பார்கள். 180 ஜிஎஸ்எம் துணிக்கும் 140 ஜிஎஸ்எம் துணிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்து தேடுகிற வாடிக்கையாளர் தங்கள் கடைக்கு வருகிறார் என்றால், அந்த எண்ணும் தலைப்பில் இடம்பெறத் தகுதியானதுதான்.

இந்தத் தலைப்பில் பலருக்கு உறுத்துவது கடைசிச் சொல். சொந்த பிராண்டின் பெயரை யாராவது வால்பகுதியில் வைப்பார்களா? வைக்கத்தான் வேண்டும், அந்தப் பெயரை மக்கள் இன்னும் தேட ஆரம்பிக்காதவரை.

பிராண்டை முதலில் போடு என்ற அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். அது தவறில்லை, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. மிக்சி வாங்குகிறவர் எப்படித் தேடுகிறார் என்று பாருங்கள். பிரீத்தி ஜோடியாக் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டே பலர் தேட வருகிறார்கள். அவர்களுக்கு இந்த வரிசைதான் சரி:

```
Preethi Zodiac MG 218 Mixer Grinder, 750 W, 5 Jars
```

பிராண்ட், மாடல், அதன்பின் பொருளின் வகை, பிறகு வாட், ஜாடி எண்ணிக்கை. இதில் `MG 218` என்ற மாடல் எண்ணை விட்டுவிடக் கூடாது. மாடல் எண்ணோடு தேடுபவர் எதை வாங்குவது என்று ஏற்கெனவே தீர்மானித்தவர். எங்கே வாங்குவது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்போனும் இப்படியே: பிராண்ட், மாடல், சேமிப்பு அளவு, நிறம்.

டி-சர்ட் தேடுகிறவர் அப்படி இல்லை. புகழ்பெற்ற சில பிராண்டுகளைத் தவிர்த்தால், அவர் தேடுவது பொருளை, பிராண்டை அல்ல. `Noyyal` என்ற சொல்லை முன்னால் வைத்தால், அவருக்குத் தெரியாத ஒரு சொல் மிக விலையுள்ள இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜிஎஸ்டி பதிவில் உள்ள முழுப் பெயரையே தலைப்பின் தொடக்கத்தில் வைக்கிறார்கள்:

```
Noyyal Knit Garments Private Limited
```

இந்தப் பெயர் மட்டுமே 36 எழுத்து. திரையில் தெரியும் இடத்தில் பாதி போய்விட்டது. என்ன பொருள் என்று இன்னும் சொல்லியே ஆகவில்லை. கடையின் பெயர் எப்படியும் விலைக்குப் பக்கத்தில் தனியாகத் தெரியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடையின் பெயரும் பிராண்டின் பெயரும் ஒன்றாக இருந்தால், ஒரே பெட்டிக்குள் அதே பெயர் இரண்டு முறை வரும். பட்டியலில் `brand` என்ற தனிக் கட்டம் இருக்கிறது. அதை எப்போதும் சரியாக நிரப்பிவிட வேண்டும். தலைப்பில் பிராண்ட் எங்கே வரலாம் என்பது வேறு கேள்வி.

அளவு என்ற சொல் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஏனென்றால் எல்லாப் பொருளுக்கும் அளவு ஒரே வேலையைச் செய்வதில்லை. டி-சர்ட்டில் லார்ஜ் என்பதை யாரும் பெரும்பாலும் தேடும்போதே எழுதுவதில்லை. கடைக்குள் வந்த பிறகு தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் அது பின்னால் இருந்தால் போதும். ஆனால் அதே கடை பெரிய உடம்புக்காரர்களுக்காக 4XL, 5XL தைக்கிறது என்றால் கதை மாறுகிறது. அந்த அளவு எல்லாக் கடையிலும் கிடைக்காது. தேவைப்படுகிறவர் தேடும்போதே அதை எழுதிவிடுகிறார். ஆகவே அந்த வரிகளில் மட்டும் அளவு முன்னுக்கு வர வேண்டும்:

```
5XL Men's Cotton T-Shirt, Round Neck Half Sleeve, Black, Noyyal
```

குக்கர், கிரைண்டர், பெயிண்ட், அரிசி போன்றவற்றில் அளவுதான் பொருளையே தீர்மானிக்கிறது. இரண்டு லிட்டர் கிரைண்டர் வேண்டும் என்று தேடுகிறவருக்கு ஒன்றேகால் லிட்டர் பயன்படாது. ஐந்து கிலோ அரிசி தேடுபவருக்கு இருபத்தைந்து கிலோ மூட்டை தேவையில்லை. இவற்றில் வகைக்குப் பக்கத்திலேயே அளவு நிற்க வேண்டும். `Table Top Wet Grinder 2 Litre` என்பது பிரிக்கக் கூடாத ஒரே தொடர். நிறம் அதற்கும் பின்னால்தான். இப்படிச் சொல்லலாம்: எந்த விவரம் மாறினால் விலை மாறுமோ, அல்லது பொருள் பயன்படாமல் போகுமோ, அந்த விவரம் நிறத்துக்கு முன்னால் வர வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா கூடாதா என்பது குக்கருக்கு இப்படிப்பட்ட விவரம். கறுப்பா வெள்ளியா என்பது அப்படியல்ல.

எண்ணிக்கை விஷயத்தில் கவனக்குறைவாக இருந்தால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. நொய்யல் கடை மூன்று பனியன்களை ஒரு பொதியாகக் கட்டி 449 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பனியன் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 ரூபாய்தான் ஆகிறது. தலைப்பில் மூன்று என்ற சொல் இல்லை. பக்கத்துப் பெட்டியில் இன்னொரு கடையின் ஒற்றைப் பனியன் 180 ரூபாய் என்று தெரிகிறது. பார்க்கிறவர் இரண்டு விலையையும் ஒப்பிட்டு நொய்யலைத் தாண்டிப் போய்விடுவார். உண்மையில் மலிவான சரக்கு, விலை அதிகமான சரக்காகத் தோற்றமளித்துத் தோற்றுப்போகிறது. தலைப்பின் தொடக்கத்திலேயே எண்ணிக்கை இருந்தால் விலைக்கு விளக்கம் கிடைத்துவிடும்:

```
Men's Cotton Vest Pack of 3, Sleeveless, White, 90 cm, Noyyal
```

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். தயாரிப்பாளரே மூன்றாகக் கட்டி விற்கும் பொதிக்குத் தலைப்பில் இப்படிச் சொன்னால் போதும். இன்னொரு நிறுவனத்தின் தனித்தனிப் பனியன்களைக் கடைக்காரர் தாமாக மூன்றாகச் சேர்த்து விற்றால், `multipack` என்ற கட்டத்தில் 3 என்றும் குறிக்க வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். துணி ஆலைக்கு நிறம் ஒரு எண். வடிவமைப்பாளருக்கு அது ஒரு கவிதைப் பெயர். தேடுகிறவருக்கு அது மெரூன், நேவி ப்ளூ, பாட்டில் கிரீன். தலைப்பில் மூன்றாமவரின் சொல்தான் இருக்க வேண்டும். `Midnight Storm` என்று இணையதளத்தில் பெயர் வைத்திருந்தால், தலைப்பில் `Navy Blue` என்று வழக்கத்தில் உள்ள பெயரைச் சேர்ப்பது நல்லது. அப்படிச் சேர்க்கும்போது அந்தச் சொல் பொருள் பக்கத்திலும் எங்காவது இருக்க வேண்டும். பட்டியலில் சொல்வதும் பக்கத்தில் தெரிவதும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதைவிட, வாங்குகிறவருக்குக் குழப்பம் வரக் கூடாது என்பது நியாயமும்கூட. சேலைக்கு மட்டும் நிறம் சற்று முன்னால் வரலாம். ஒரு கல்யாணத்துக்கு இந்த நிறத்தில்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேடுவது அங்கே வழக்கம்.

சேலை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேடுகிறவர்கள் அதிகம் என்பதற்காக ஆர்ட் சில்க் சேலையின் தலைப்பில் `Kanchipuram Silk Saree` என்று எழுதும் பழக்கம் இணையத்தில் பரவலாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேறொரு சரக்கை அந்தப் பெயரில் விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. நெசவாளரின் உரிமையில் கைவைப்பது. பொருளைத் தவறாகக் காட்டினார் என்ற காரணத்தால் மெர்ச்சன்ட் சென்டர் கணக்கே முடக்கப்படலாம். ஆர்ட் சில்க் என்றால் ஆர்ட் சில்க் என்றே எழுத வேண்டும். அந்த விலையில் அந்தச் சேலையைத் தேடுகிற வாடிக்கையாளர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

இனி, நடைமுறையில் அதிகம் சொதப்பும் இடம். நொய்யல் கடையில் ஒரே டி-சர்ட் நான்கு நிறத்திலும் ஐந்து அளவிலும் இருக்கிறது. பட்டியலில் அதற்கு இருபது வரிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி `id`. இருபதையும் ஒரே குடும்பம் என்று சொல்ல எல்லாவற்றிலும் ஒரே `item_group_id`. பல கடைகளில் இந்த இருபது வரிகளுக்கும் ஒரே தலைப்பு இருக்கிறது; நிறமும் இல்லை, அளவும் இல்லை. மெரூன் டி-சர்ட் தேடுகிறவருக்கு எந்த வரியைக் காட்டுவது என்று தலைப்பைப் பார்த்துத் தெரியாது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: இருபது நிறம், அளவையும் ஒரே தலைப்பில் அடுக்கி, எல்லா வரியிலும் ஒட்டுவது. மெரூன், எம் அளவு என்ற வரியில் மெரூன், எம் என்ற இரண்டு மட்டுமே இருக்க வேண்டும். அதைத் தொட்டு வருகிறவருக்குத் திறக்கும் பக்கத்திலும் மெரூன், எம் தேர்வாகியிருக்க வேண்டும். கறுப்புப் படம் திறந்தால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். கிளிக்குக்கான காசு போனது போனதுதான்.

இருபது வரிகளைக் கையால் தட்டுவது சாத்தியம். இரண்டாயிரம் வரிகள் என்றால் முடியாது. பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரே சூத்திரம் போதும். வகை, கழுத்தும் கையும், நிறம், அளவு, பிராண்ட் ஆகியவை முறையே `B` முதல் `F` வரை உள்ள கட்டங்களில் இருப்பதாகக் கொண்டால்:

```
=TEXTJOIN(", ",TRUE,B2,C2,D2,E2,F2)
```

நடுவிலுள்ள `TRUE`, காலியான கட்டங்களைத் தாண்டிப் போகச் சொல்கிறது. அதனால் அளவே இல்லாத பொருளில் இரண்டு காற்புள்ளி அடுத்தடுத்து வராது. தலைப்பு `G` கட்டத்தில் வந்தால், பக்கத்தில் `=LEN(G2)` என்று போட்டு நீளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஷீட்டில் வேலை செய்யாதவர்களுக்கு மெர்ச்சன்ட் சென்டரிலேயே, பல கட்டங்களைச் சேர்த்துத் தலைப்பு உருவாக்கும் விதிகளை எழுதும் வசதி இருக்கிறது.

சூத்திரம் போட்டவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. வகைக் கட்டத்தில் யாரோ எப்போதோ `Black T-Shirt` என்று எழுதியிருப்பார்கள். நிறக் கட்டத்திலும் கறுப்பு இருக்கும். தலைப்பில் கறுப்பு இரண்டு முறை வரும். நிறக் கட்டத்தில் இன்னும் `BLK` கிடக்கும். அளவுக் கட்டத்தில் சில வரிகளில் `L`, சில வரிகளில் `Large` என்று இருக்கும். உருவான தலைப்புகளில் ஒவ்வொரு வகையிலும் ஒரு பத்தையாவது கண்ணால் படித்துப் பார்த்தால் இவை பிடிபடும். தலைப்பை மாற்றும்போது `id` என்ற எண்ணைத் தொடவே கூடாது. அது மாறினால் கூகுளின் கணக்கில் அது புதுப் பொருள். அதுவரை சேர்ந்த செயல்பாட்டு விவரங்கள் அந்த எண்ணோடு நின்றுவிடும்.

மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கு. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறலாம். தீபாவளிக்கு முந்தைய மாதம் தலைப்பை மாற்றியவருக்கு எப்படியும் எண்ணிக்கை ஏறும். அது தலைப்பின் புண்ணியமா, பண்டிகையின் புண்ணியமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லா டி-சர்ட்டுக்கும் ஒரே நாளில் மாற்றாமல், பாதி மாடல்களுக்கு மட்டும் மாற்றி, மீதிப் பாதியைப் பழைய தலைப்பிலேயே சில வாரம் விட்டுவைப்பது நல்லது. அந்த வாரங்களில் விலையையோ, கிளிக்குக்குக் கொடுக்கும் தொகையையோ ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு பாதியும் ஒரே அளவு ஏறியிருந்தால் காரணம் பண்டிகை. மாற்றிய பாதி மட்டும் ஏறியிருந்தால் தலைப்பு வேலை செய்திருக்கிறது. மாதத்துக்கு ஐம்பது கிளிக் வரும் கடையில் இந்த ஒப்பீடு எதையும் நிரூபிக்காது. அங்கே இரண்டாவது இடம்தான் கைகொடுக்கும்.

அந்த இரண்டாவது இடம், கூகுள் ஆட்ஸ் கணக்கில் உள்ள தேடுசொல் அறிக்கை. மக்கள் என்ன தட்டியபோது இந்த விளம்பரம் வந்தது என்று அது காட்டும். சிறுபான்மைத் தேடல்களை அது மறைத்துவிடும் என்றாலும், மீதியே நிறையப் பாடம் சொல்லும். நொய்யல் கடை தன் தலைப்பில் `Tiruppur` என்ற சொல்லைப் பெருமையோடு சேர்த்திருந்தால், அந்த அறிக்கையில் `wholesale` என்ற சொல்லோடு வந்த தேடல்கள் தென்படக்கூடும். திருப்பூர் என்றாலே மொத்த வியாபாரம் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் அவர்கள். ஒற்றை டி-சர்ட் விற்கும் கடைக்கு அவர்களால் பயனில்லை. அப்போது ஊர்ப் பெயரைத் தலைப்பிலிருந்து விவரணைக்கு நகர்த்திவிட்டு, `wholesale` என்பதை வேண்டாத சொற்கள் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். மாறாக, எதிர்பாராத ஒரு நல்ல சொல்லும் அங்கே கிடைக்கலாம். ஜிம்முக்குப் போட, அலுவலகத்துக்குப் போட என்று வாங்குகிறவர்கள் எழுதும் சொற்கள் உண்மையிலேயே பொருந்தினால், அவற்றுக்குத் தலைப்பின் பின்பகுதியில் இடம் கொடுக்கலாம். மொத்தம் 150 எழுத்து இருக்கிறதே என்று கிடைத்த சொல்லையெல்லாம் திணிப்பது மட்டும் கூடாது. `tshirt`, `tee shirt`, `T shirt` என்று ஒரே சொல்லின் எழுத்துக்கூட்டல்களை வரிசையாக அடுக்க வேண்டியதே இல்லை. கூகுளுக்கு அவை ஒன்றென்று தெரியும்.

தலைப்பால் முடியாதவையும் உண்டு. படம் மங்கலாக இருந்தால், விலை பக்கத்துக் கடையைவிட நிறைய அதிகமாக இருந்தால், கிளிக்குக்குக் கொடுக்கும் தொகை போட்டிக்கு ஈடாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தலைப்பும் அதைச் சரிசெய்யாது. சரக்கு தீர்ந்துபோன அளவுகளுக்குத் தலைப்பு எழுதுவதில் பயனும் இல்லை.

இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் இந்த வாரம் செய்யக்கூடியது இது: அதிகம் விற்கும் இருபது பொருள்களின் தலைப்பை எடுத்து, ஒவ்வொன்றையும் முப்பதாவது எழுத்தில் மறைத்துவிட்டுப் படியுங்கள். என்ன பொருள் என்று புரியவில்லையென்றால் வரிசையை மாற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை தேடுசொல் அறிக்கையைத் திறந்து, உங்கள் பிராண்டின் பெயரை யாராவது தட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படித் தேடுகிறவர்கள் மாதாமாதம் பெருகி வந்தால், அந்தப் பெயரைத் தலைப்பின் முன்னால் கொண்டுவரும் நேரம் வந்துவிட்டது. சூத்திரத்தில் `F2` என்பதை `B2`-வுக்கு முன்னால் நகர்த்தினால் போதும்.